ஒரே தழும்பு, மூன்று தடவை, மூன்று முடிவு

2023 ஜூன் மாதம். தரம் 10 பிள்ளைகளின் கணிதக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாளுக்கு மேலே மெல்லிய புகை போல ஒன்று ஓடியது. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. இடது கண்ணைப் பொத்தினால் தாள் சுத்தமாக இருந்தது. வலது கண்ணைப் பொத்தினால் புகையும், அதற்குள் கரும்புள்ளிகளும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "மறுகாவும் பூச்சி பறக்குதா மகள்?" என்று கேட்டார்.

என் இடது கண்ணின் விழித்திரையில் டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி விட்டுப்போன பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வயதில் மூக்குக்கண்ணாடிக்காகக் கண் காட்டப் போனபோதுதான் அது இருப்பதே தெரியவந்தது. அது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அதே தழும்பின் விளிம்பில் 2018, 2023, 2024 என்று மூன்று தடவை அழற்சி கிளம்பியது. முதல் தடவை வெறும் சொட்டு மருந்தோடு விட்டார்கள். இரண்டாம் தடவை ஆறு கிழமைக்குக் குளிசை தந்தார்கள். மூன்றாம் தடவை அழற்சி ஆறிய பிறகும் ஒரு வருடத்துக்கென்று மருந்து தொடர்கிறது. "அப்போ முதல் டொக்டர் பிழை விட்டாரா?" என்று களுவாஞ்சிக்குடியில் என் சொந்தக்காரர்கள் இன்றும் கேட்கிறார்கள். இல்லை. அவர் செய்ததும் சரி, பிறகு நடந்ததும் சரி. அது எப்படி என்று புரிய எனக்கே ஐந்தாறு வருடம் பிடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மருந்தும் தொடாத முட்டைகள்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டொக்ஸோபிளாஸ்மா கண்ணைவிட்டுப் போவதில்லை. வேகமாகப் பெருகி விழித்திரையைத் தின்னும் வடிவம் ஒன்று, உறைக்குள் அடங்கித் தூங்கும் வடிவம் ஒன்று என்று நம் உடம்புக்குள் அந்தக் கிருமிக்கு இரண்டு வடிவம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி முதல் வடிவத்தை அடக்கும். இரண்டாவது வடிவம் சின்னஞ்சிறு முட்டை மாதிரி தழும்பின் ஓரத்திலேயே கிடக்கும். இன்று கையில் இருக்கிற மருந்துகள் எல்லாமே முதல் வடிவத்தைத்தான் தாக்குகின்றன. உறைக்குள் இருப்பதை எதுவும் கொல்வதில்லை. ஒரு முட்டை உடைந்தால் பழைய தழும்பை ஒட்டினாற்போல வெண்மஞ்சளாக ஒரு புதிய புண் எழும்பும், கண்ணுக்குள் இருக்கும் ஜெல் கலங்கும். கண் முன்னே பூச்சியாகவும் புகையாகவும் தெரிகிற மிதவைகள் அந்தக் கலங்கல்தான்.

இது தெரியாமல் எங்கள் வீட்டில் முதல் வேலையாகப் பூனையைத் துரத்தினார்கள். கிருமியின் முழு வாழ்க்கைச் சுற்று பூனைக்குள் முடிவது உண்மைதான். மண்ணிலும் கழுவாத கீரையிலும் சரியாக வேகாத இறைச்சியிலும் அது மனிதருக்கு வருவதும் உண்மை. ஆனால் மறுபடி மறுபடி கிளம்புகிற அழற்சி புதிதாகத் தொற்றியதல்ல, வருடக்கணக்காக உள்ளே கிடந்ததுதான். பூனை திரும்பி வந்துவிட்டது, இப்போதும் திண்ணையில்தான் படுக்கிறது.

ஆக, "எந்த மருந்து இதை முழுசாகக் குணமாக்கும்?" என்று கேட்பதில் பயனில்லை. கேட்க வேண்டியது வேறு: இந்தத் தடவை எழும்பிய புண் தானாக ஆறும்வரை காத்திருந்தால் கண் எதை இழக்கும், மருந்து கொடுத்தால் உடம்பு எதைத் தாங்க வேண்டியிருக்கும்? நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு இந்தப் புண் மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் ஆறிவிடும். ஆறும்போது அது இருந்த இடத்து விழித்திரையைக் கொண்டுபோய்விடும். அந்த இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2018: காத்திருந்த தடவை

நவம்பர் மழையோடு வந்தது முதல் அழற்சி. ஐந்தாறு மிதவைகள், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், கண்ணில் இலேசான சிவப்பு. பார்வை 6/6, குறைவே இல்லை. கண்மணியை விரித்துப் பார்த்த டொக்டர் என் கிளினிக் கொப்பியில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தழும்பையும் புண்ணையும் வரைந்தார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கண் டொக்டர்மார் விழித்திரையில் தூரத்தை அளப்பதற்கு ஒரு எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தை நரம்புத் தட்டு என்போம். அதன் குறுக்களவு சுமாராக 1.5 மில்லிமீற்றர். "இத்தனை தட்டுத் தூரம்" என்றுதான் கணக்கு. வாசிக்கவும் முகத்தைக் கண்டுபிடிக்கவும் உதவும் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு தட்டுத் தூரத்துக்குள், அதாவது 3 மில்லிமீற்றருக்குள், புண் இருந்தால் அது ஆபத்தான வட்டம். நரம்புத் தட்டின் விளிம்பிலிருந்து ஒரு தட்டுத் தூரமும் அப்படித்தான். அங்கே வந்தால் பெரும்பாலும் மருந்து கொடுப்பார்கள். என் தழும்பு நடுவிலிருந்து மேல் வெளிப்பக்கமாக இருந்தது. 2018இல் புண் எழும்பியது அந்தத் தழும்பின் வெளி விளிம்பில், நடுவைவிட்டு அப்பால் போகிற பக்கம். அளவு அரைத் தட்டு. கலங்கல் குறைவு, உள்ளே இருந்த இரத்தக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன.

அப்படிப்பட்ட புண் ஆறிப் புதுத் தழும்பு விட்டாலும் அந்த இழப்பு எனக்குத் தெரியப்போவதில்லை. மருந்து கொடுத்தால் கடைசிப் பார்வை அதைவிட நன்றாக இருக்கும் என்று காட்டிய உறுதியான ஆய்வும் இல்லை. ஆறு கிழமை சல்பா மருந்து குடித்தால் தோலில் கடும் ஒவ்வாமை வரும் வாய்ப்பு சிறிதளவாவது உண்டு. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் காத்திருப்பதுதான் சரி. கண்ணின் முன்பகுதியிலும் அழற்சி இருந்ததால் ஸ்டீரொயிட் சொட்டும் கண்மணியை விரிக்கிற சொட்டும் தந்தார்கள். கண் அழுத்தத்தையும் பார்த்தார்கள். இந்த அழற்சியில் அழுத்தம் திடீரென ஏறும், அதை நோயாளியால் உணர முடியாது.

ஆனால் காத்திருப்பது என்றால் வீட்டில் சும்மா இருப்பதல்ல. கிழமைக்கு ஒரு தடவை கண்மணியை விரித்துப் பார்த்தாக வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். நான் கிழமைக்கிழமை பஸ் ஏறினேன். பாடசாலையில் அரை நாள் லீவு தந்தார்கள். வெல்லாவெளிப் பக்கமோ பொத்துவில் பக்கமோ இருக்கிற, நாட்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அது முடியுமா? அவரால் இரண்டாம் கிழமை வர முடியாது என்று தெரிந்தால், அதே புண்ணுக்கு மருந்து கொடுப்பதுதான் சரியான முடிவாகலாம் என்று நினைக்கிறேன். புத்தகங்களில் இது பெரிதாக வராது. கிளினிக்கில் ஒவ்வொரு நாளும் இது வருகிறது. வர முடியாதென்றால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏழாம் கிழமை விளிம்பு கூர்மையாகி ஓரத்தில் கறுப்பு நிறம் ஏறிவிட்டது. ஆறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கோ இன்னும் மூன்று மிதவைகள் பறந்துகொண்டிருந்தன.

மிதவைகளை நம்பலாமா?

இந்த இடத்தில்தான் நம்மில் நிறையப் பேர் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன். மிதவை கூடினால் நோய் கூடுகிறது, குறைந்தால் குணம் என்று நினைக்கிறோம். உண்மையில் மிதவை நோய்க்குப் பின்னால் நடந்து வருகிறது. புண் ஆறத் தொடங்கும்போது ஜெல்லுக்குள் சிதறிக் கிடந்த தூசு ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அப்போது மெல்லிய புகை போய், கறுத்த நூலாகவும் கட்டியாகவும் தெரியும். பார்ப்பவருக்கு மோசமாகிவிட்டது போலிருக்கும். டொக்டருக்கோ விழித்திரை முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அந்தத் திரள்கள் மாதக்கணக்கில் நிற்கலாம், சிலது நிரந்தரமாகவும் தங்கலாம். அவற்றுக்காகக் குளிசையை நீட்டச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. மருந்து புண்ணுக்குத்தான், மிதக்கிற குப்பைக்கல்ல. ஜெல்லையே எடுத்துவிடும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. கண்புரை சீக்கிரம் வரும், விழித்திரை கிழியலாம், அழற்சி திரும்பக் கிளம்பலாம் என்பதால் பார்வையை உண்மையாகவே மறைக்கிற கட்டிகளுக்குத்தான் அதைப் பற்றிக் கதைப்பார்கள்.

ஆனால் புதிதாக வருகிற மிதவை வேறு கதை. அது மூன்று விதமாக வரும். அழற்சி கிளம்பினால் புகையும் தூசுமாக இரண்டு மூன்று நாளில் மெல்ல மெல்லத் தடிக்கும், கூடவே மங்கல், சிலருக்குக் கூச்சம். ஜெல் விழித்திரையிலிருந்து பிரிந்தால் ஒரே நொடியில் ஒரு வளையமோ பெரிய நூலோ வந்து நிற்கும், இருட்டில் கண்ணோரத்தில் மின்னல் வெட்டும். அழற்சி வந்துபோன கண்ணில் இந்தப் பிரிவு வயதுக்கு முன்பே வரக்கூடும். விழித்திரை கிழிந்தால் மிளகை அள்ளி வீசியது போல ஏராளமான புள்ளிகள் ஒரேயடியாகத் தோன்றும், அல்லது ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கும். முதலாவதற்கு இன்றோ நாளையோ கிளினிக். மற்ற இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இரவானாலும் சரி. நான்காவதாக ஒன்று உண்டு, அதில் மிதவையே வராது. கதவு நிலை, தாளின் கோடு போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரியும். தழும்பின் ஓரத்தில் தேவையில்லாத இரத்தக் குழாய் முளைத்துக் கசிகிறதோ என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து கண்ணுக்குள் போடும் வேறொரு ஊசி.

2023: குளிசை எடுத்த தடவை

சரி, கொப்பி திருத்திய நாளுக்கு வருகிறேன். அன்று பின்னேரம் அவசரத்தில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை, பழைய தழும்பைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. கண்மணியை விரிக்காமலே "கண் அழற்சி" என்று ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை மட்டும் எழுதித் தந்தார்கள். மூன்று நாள் குடித்தேன். முதல் நாள் கண் இதமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை நாட்காட்டியில் எண் தெரியவில்லை.

இந்த நோயில் நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை இதுதான். ஸ்டீரொயிட் நம் எதிர்ப்புச் சக்தியைப் படுக்கவைக்கிறது. கிருமியைக் கட்டிவைத்திருப்பது அந்த எதிர்ப்புச் சக்தி மட்டும்தான். கிருமிக்கு மருந்து இல்லாமல் ஸ்டீரொயிட் குளிசை மட்டும் கொடுத்தாலும், கண்ணைச் சுற்றி நீண்டநாள் நிற்கும் ஸ்டீரொயிட் ஊசி போட்டாலும் புண் கட்டுப்பாடில்லாமல் விரியும். எந்த டொக்டரிடம் போனாலும், என்ன வருத்தத்துக்குப் போனாலும், முதல் வசனமாக "என் விழித்திரையில் டொக்ஸோபிளாஸ்மா தழும்பு இருக்கிறது" என்று சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

நான்காம் நாள் மட்டக்களப்பில் கண் கிளினிக்கில் பார்த்தபோது இடது கண் 6/18. இந்தத் தடவை புண் தழும்பின் உள் விளிம்பில், ஒரு முழுத் தட்டு அளவில். அதன் ஓரத்துக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் ஒன்றரைத் தட்டுதான் மிச்சம், இரண்டு மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். ஜெல் நன்றாகக் கலங்கியிருந்தது. மூடுபனிக்குள் லொறி லைட் தெரிகிற மாதிரி புண் தெரிகிறது என்று டொக்டர் சொன்னார். "டீச்சர், போன தடவை நாங்க காத்திருந்தது இடத்தப் பாத்து. இந்த இடத்தில காத்திருக்க ஏலாது."

மருந்து வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. இனி எது என்பதுதான் கேள்வி. என் முன்னால் வைக்கப்பட்டவை உண்மையில் மூன்று.

முதலாவது, நெடுங்காலமாகப் பேர்பெற்ற கூட்டு: பைரிமெத்தமின், சல்பாடயசின், இவற்றோடு ஸ்டீரொயிட். பைரிமெத்தமின் எலும்பு மச்சையை அமுக்கி இரத்த அணுக்களைக் குறைக்கும். அதனால் கூடவே ஃபோலினிக் அமிலம் எடுக்க வேண்டும், கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் சோதிக்க வேண்டும். ஃபோலினிக் வேறு, கர்ப்பிணிகளுக்குத் தரும் ஃபோலிக் வேறு. பேர் கிட்ட இருப்பதால் மாறிவிடக்கூடாது. சல்பாடயசின் ஒரு நாளைக்கு நான்கு வேளை. இவற்றில் பாதியை நான் கேட்ட பார்மசிகளில் எடுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது, கோட்ரைமொக்ஸசோல், இதுவும் சல்பா மருந்துதான். நெஞ்சுச் சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் காலங்காலமாகக் கொடுத்த அதே வெள்ளைக் குளிசை. மலிவு, எங்கேயும் கிடைக்கும். 480 மில்லிகிராம் குளிசையில் இரண்டு காலை, இரண்டு இரவு. இது முதல் கூட்டுக்கு ஈடாகுமா என்று எனக்கு உண்மையாகவே பயம் இருந்தது. 2005இல் ஈரானில் 59 பேரை இரண்டாகப் பிரித்து இவ்விரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஆறு கிழமை முடிவில் புண்ணின் அளவு இரு பக்கமும் ஏறத்தாழ 60 வீதம் சுருங்கியது. பார்வையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உலகின் பல கிளினிக்குகள் இந்தக் குளிசைக்கு மாறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, கண்ணுக்குள்ளேயே கிளின்டமைசின் 1 மில்லிகிராம் ஊசியாகப் போடுவது, கூடவே கொஞ்சம் டெக்ஸாமெதசோன் ஸ்டீரொயிட். இதையும் பழைய கூட்டோடு ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. உடம்புக்குள் மருந்து போகாதது இதன் பெரிய நன்மை. சல்பா ஒத்துக்கொள்ளாதவருக்கும் கர்ப்பிணிக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் இது கைகொடுக்கும். மறுபக்கம், ஒரு ஊசியோடு முடிவது நிச்சயமில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் புதிய தொற்று புகுந்துவிடும் சிறிய ஆபத்து உண்டு. ஊசி போட்டுப் பழகிய கையும் சத்திரசிகிச்சை அறையும் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஊசி மட்டும் போதாது, குளிசையும் வேண்டும். அஸித்ரோமைசின் குளிசையும் ஒரு வழிதான். சல்பா முடியாவிட்டால் அதற்குப் போவோம் என்று டொக்டர் கொப்பியின் ஓரத்தில் குறித்துவைத்தார்.

எனக்குச் சல்பா ஒவ்வாமை வந்ததில்லை. அந்த நேரம் கர்ப்பமும் இல்லை. சிறுநீரகம் சரி, சீனி 96. சில மருந்துகளோடு சிவப்பணுக்களை உடைக்கக்கூடிய பரம்பரைக் குறைபாடு ஒன்று உண்டு, ஜி6பிடி என்பார்கள், அதையும் சோதித்தார்கள். இல்லை. ஆக இரண்டாவது வழி. இதே இடத்தில் என் அம்மா இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அவருக்குச் சீனி வருத்தம், பிரஷருக்கு லொசாட்டன். லொசாட்டனோடு கோட்ரைமொக்ஸசோல் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பலாம். ஸ்டீரொயிட் சீனியைத் தூக்கிவிடும். அவருக்கு ஊசிதான் முதலில் பேசப்படும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய எத்தனை பேர் சீனிக்கும் பிரஷருக்கும் மருந்து வைத்திருக்கிறார்கள்! குளிசைப் பையை முழுசாக டொக்டரின் மேசையில் கொட்டிக் காட்டுவது நல்லது.

கணக்கு இப்படி ஓடியது. முன்பு குடித்த ப்ரெட்னிசலோனை நிறுத்தி, கோட்ரைமொக்ஸசோல் தொடங்கினோம். மூன்றாம் நாள் திரும்ப ப்ரெட்னிசலோன் 30 மில்லிகிராம். என் நிறை 58 கிலோ, கிலோவுக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம். கிருமிக்கு மருந்து முதலில் உள்ளே போய்ப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஸ்டீரொயிட் போக வேண்டும். ஒரு கிழமை 30, பிறகு ஐந்து நாளுக்கு ஒரு தடவை 5 குறைத்துக்கொண்டு வந்தோம். 35ஆம் நாளளவில் ஸ்டீரொயிட் முடிந்தது, கோட்ரைமொக்ஸசோல் 42ஆம் நாள்வரை போனது. ஸ்டீரொயிட் முன்னே வெளியேற வேண்டும், மற்றது பின்னே. இந்த வரிசை தலைகீழானால் ஆறிக்கொண்டிருந்த புண் மறுபடி எழும்பும்.

பத்தாம் நாளும் நான்காம் கிழமையும் இரத்த அணு, கிரியட்டினின், பொட்டாசியம் பார்த்தார்கள். காய்ச்சலோடு தோலில் சிவந்த பொட்டுகள், வாய்க்குள் புண், கண் எரிவு வந்தால் அடுத்த வேளைக் குளிசையை விழுங்காமல் நேரே வரச் சொன்னார்கள். அந்த ஒவ்வாமை அரிதுதான், ஆனால் வந்தால் உயிராபத்து. எனக்கு வாய்க்கசப்பும் நித்திரைக் குழப்பமும்தான். பார்வை இரண்டாம் கிழமை 6/12, ஆறாம் கிழமை 6/9. மூன்றாம் மாதம் 6/6 வரிசையில் இரண்டு எழுத்தைத் தவிர மற்றவற்றை வாசித்தேன். பார்வையில் நடுவுக்குக் கீழே ஒரு சிறு இடம் இப்போதும் இல்லை. வரைபுத் தாளைப் பார்த்தால் அந்த மூலையில் கட்டங்கள் காணாமல் போகின்றன.

2024: ஆறிய பிறகும் மருந்தா?

ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை. 2024 மார்ச்சில் அந்தப் புதுத் தழும்பின் கீழ் விளிம்பில் அரைத் தட்டு அளவில் இன்னொன்று. இந்தத் தடவை முதல் நாளே கொப்பியோடு போனேன். அதே மருந்துதான், ஸ்டீரொயிட் கொஞ்சம் குறைவு, ஆறு கிழமையில் ஆறியது. இதில் தீர்மானிக்க அதிகம் இல்லை.

மருந்து முடிகிற நாளில்தான் தீர்மானிக்க வேண்டியது வந்தது. நிறுத்திவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதா, குறைந்த அளவில் தொடர்வதா?

இந்த அழற்சிகள் சம இடைவெளியில் வருவதில்லை, கூட்டமாக வரும். ஒன்று வந்த உடனடி வருடத்தில்தான் அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம். வருடங்கள் போகப்போக அது குறைகிறது. எனக்கு நாலரை வருடம் ஓய்ந்திருந்துவிட்டு ஒன்பது மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு. அத்தோடு ஒவ்வொன்றும் நடுவை நோக்கி ஒரு எட்டு வைக்கிறது. தழும்பு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்து, ஏழெட்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்துபோகிறவருக்கு வருடம் முழுக்கக் குளிசை தேவையில்லை. என் நிலை அதுவல்ல.

தடுப்பு மருந்துக்கான சான்று பெரும்பாலும் பிரேசிலிலிருந்து வருகிறது. 2002இல் வெளிவந்த ஆய்வில் 124 பேர். ஒரு பகுதியினருக்கு 960 மில்லிகிராம் கோட்ரைமொக்ஸசோல் மூன்று நாளைக்கு ஒரு தடவை 20 மாதம்வரை கொடுத்தார்கள். அவர்களில் 6.6 வீதத்தினருக்குத் திரும்ப வந்தது. மருந்தில்லாதவர்களில் 23.8 வீதம். 2014இல் வந்த இன்னொன்றில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. ஒரு வருடத்தில் மருந்து எடுத்த 46 பேரில் ஒருவருக்கும் வரவில்லை, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்த 47 பேரில் ஆறு பேருக்கு வந்தது. நான் கணித டீச்சர், எண்களைத் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டேன். இரண்டாம் ஆய்வைப் பாருங்கள்: மருந்தில்லாமலும் 47 பேரில் 41 பேருக்கு அந்த வருடம் ஒன்றும் வரவில்லை. ஒருவரைக் காப்பாற்ற ஏறத்தாழ எட்டுப் பேர் வருடம் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டும். பிரேசிலில் உலாவும் கிருமி வகைகள் மூர்க்கமானவை என்பதால் அந்த எண்களை அப்படியே கல்லடிக்கும் கல்முனைக்கும் கொண்டுவரவும் கூடாது. அந்த எட்டில் ஒருவர் நானாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் கேள்வி. என் கண்ணில் நடுவுக்கு மிச்சம் இருந்தது ஒன்றேகால் தட்டு. அதனால் மருந்தின் பக்கம் சாய்ந்தேன்.

ஒரு விஷயம் என்னை நீண்டநாள் யோசிக்க வைத்தது. எங்களுக்கு இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று ஆசை. எனக்கு 36 வயது. கோட்ரைமொக்ஸசோல் ஃபோலேற்றைத் தடுக்கிற மருந்து, கரு உருவாகும் முதல் மாதங்களில் அதைத் தவிர்ப்பார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும். கர்ப்ப காலத்தில் அழற்சி வந்தால் கண்ணுக்குள் ஊசி இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். பழைய தழும்புள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகுமோ என்ற பயத்தையும் அன்றே கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். கர்ப்பத்துக்கு நெடுநாள் முன்பே தொற்றிய, எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது மிக மிக அரிது. ஆபத்து கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான். இதைக் கேட்ட என் கணவர், "அப்ப அவசரமில்ல, முதல்ல கண்ணப் பாப்பம்" என்றார். நாற்பதை நெருங்கிய ஒருத்தி இதே கணக்கை வேறு மாதிரிப் போட்டிருந்தால் அதையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு குளிசை, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர். நாட்காட்டியில் புள்ளி வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை. காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும் முன் வலது கண்ணைப் பொத்தி, சுவரில் ஒட்டிய வரைபுத் தாளைப் பத்து நொடி பார்க்கிறேன். அதே மூலையில் அதே கட்டங்கள்தான் காணவில்லை, புதிதாக எதுவும் வளையவில்லை. ஏற்கெனவே இருக்கிற மிதவைகளைப் பென்சிலால் ஒரு தாளில் வரைந்தும் வைத்திருக்கிறேன். நாளைக்கு ஒன்று புதிதாக வந்தால் அது பழையதா புதியதா என்று அந்தத் தாள் சொல்லும்.

இது பதினோராவது மாதம். வருகிற மாதம் மருந்தை நிறுத்துகிறோம். நிறுத்தியதும் பாதுகாப்பும் நின்றுவிடும், தழும்பின் ஓரத்தில் முட்டைகள் அப்படியேதான் கிடக்கும். அதனால் முதல் மூன்று மாதம் மாதம் ஒரு தடவை கண்மணி விரித்துப் பார்ப்பது, திரும்ப வந்தால் அன்றே மருந்து, வராவிட்டால் ஆறாம் மாதம் பிள்ளையைப் பற்றிக் கதைப்பது என்று டொக்டர் கொப்பியில் எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் புதிதாக ஒரு வட்டமும் போட்டு, எல்லாத் தழும்பையும் வரைந்து, உள் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் "1¼" என்று குறித்திருக்கிறார்.